எம்.எஸ்.இ. எழுத மூன்று வழிகள்: எதை எப்போது எடுப்பது

பேட்டி முடிந்துவிட்டது. கையில் மூன்று நான்கு பக்கம் அவசரக் குறிப்பு இருக்கிறது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் அம்புக்குறி, ஓரத்தில் கணவரின் போன் நம்பர். இதை மனநிலைப் பரிசோதனையாக, நாம் பேச்சில் சொல்கிற எம்.எஸ்.இ.யாக மாற்றிக் கோப்பில் வைக்கவேண்டும். வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிற சமூகப்பணி, உளவியல், செவிலியர் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பேட்டி நன்றாகவே எடுத்திருப்பார்கள், எழுதியதைப் படித்தால் அந்த மனிதரைப் பார்க்கமுடியாது.

மூன்று விதமாக எழுதுகிறார்கள். பேட்டி நடந்த வரிசையிலேயே கதைபோல எழுதிக் கடைசியில் தன் அபிப்பிராயத்தைச் சேர்ப்பது ஒன்று. அச்சடித்த படிவத்தில் டிக் அடிப்பது இன்னொன்று. தலைப்பு போட்டு, ஒவ்வொரு தலைப்பின்கீழும் பார்த்ததையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் வாக்கியமாக எழுதுவது மூன்றாவது. முதல் சந்திப்புக்கு மூன்றாவதுதான் என்பது என் முடிவு. ஆனால் மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொரு விஷயத்தை எடுத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் ஓட்டையாகத்தான் இருக்கும். அதை ஒரே ஆளை வைத்துப் பார்க்கலாம்.

ஆள் கற்பனை. ஆனால் இந்தப் பக்கத்தில் யாரும் சந்திக்கக்கூடியவர். 34 வயது, குடியாத்தம் அருகே ஒரு கிராமம், ஐந்தாவது வரை படிப்பு, வீட்டிலேயே பீடி சுற்றுகிறார், இரண்டு குழந்தைகள். கணவரும் மாமியாரும் அழைத்து வந்திருக்கிறார்கள். பயிற்சி மாணவரின் குறிப்பு இப்படி இருக்கிறது:

"கணவர்: மூணு வாரமா தூங்கறதில்ல, தனியா பேசறா. நோயாளி அழுக்கான புடவை, சுகாதாரம் குறைவு. கண்ணைப் பார்ப்பதில்லை, ஒத்துழைப்பு குறைவு. பதில் லேட். அம்மன் தன்னிடம் பேசுவதாக நம்புகிறார். 'இன்னாத்துக்கு இருக்கணும்னு தோணுது.' தற்கொலை எண்ணத்தை மறுக்கிறார். 100-7 தெரியவில்லை, அறிவு குறைவு. இன்சைட் இல்லை."

வரிசைப்படி எழுதினால்

இந்தக் குறிப்பை அப்படியே நீட்டி எழுதுவதுதான் முதல் வழி. வேகமானது, பேட்டியின் ஓட்டம் கெடாது. ஆனால் படிப்பவருக்கு யார் எதைச் சொன்னார்கள் என்பது பிடிபடாது. "தனியா பேசறா" என்பது கணவர் வீட்டில் பார்த்தது. "பதில் லேட்" என்பது மாணவர் அறையில் பார்த்தது. "அறிவு குறைவு" என்பதை யாரும் பார்க்கவில்லை, அது மாணவர் போட்ட தீர்ப்பு. மூன்றும் ஒரே தொனியில் அடுத்தடுத்து வரும்போது மூன்றுக்கும் ஒரே எடை கிடைத்துவிடுகிறது, அடுத்த ஷிப்டில் வருபவர் மூன்றையும் உண்மையாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுவார், நாலாவது பக்கத்துக்குப் போகும்போது "அறிவு வளர்ச்சி குறைவு" என்று அது வேறு உருவமே எடுத்திருக்கும்.

இன்னொரு சிக்கல், கேட்காமல் விட்டது தெரியாது. மேலே உள்ள குறிப்பில் நாள், இடம், நினைவாற்றல் எதுவும் கேட்கப்படவில்லை. கதைபோல எழுதினால் அந்த ஓட்டை கண்ணில் படவே படாது.

ஆனால் ஒரு இடத்தில் வரிசை மிக முக்கியம். எண்ணங்கள் ஒன்றோடொன்று கோவையாக வருகின்றனவா என்று காட்டவேண்டுமானால் கேள்வி, பதில், அடுத்த கேள்வி, அடுத்த பதில் என்று நடந்த வரிசையிலேயே நாலு வரி வைக்கத்தான் வேண்டும். "எண்ண ஓட்டம் கோவையற்றது" என்று மட்டும் எழுதினால் யாராலும் சரிபார்க்கமுடியாது. தலைப்பு வாரியாகப் பிரிக்கும்போது இந்த நாலு வரியைத் துண்டாக்காமல் அப்படியே தூக்கி வையுங்கள். முதல் வழியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது இது.

படிவத்தில் டிக் அடித்தால்

படிவத்தின் பலம், அது மறக்கவிடாது. தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, உணர்ச்சி வெளிப்பாடு, எண்ணம், புலனுணர்வு, அறிவாற்றல், தீர்மானிக்கும் திறன், இன்சைட் என்று வரிசையாகப் பெட்டி இருப்பதால் நினைவாற்றல் கேட்கப்படவில்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணைப் படிவத்தில் போட்டால் என்ன கிடைக்கும்? புலனுணர்வு: செவிப் பிரமை உண்டு. எண்ணம்: பிழையான நம்பிக்கை உண்டு. தற்கொலை எண்ணம்: இல்லை. இன்சைட்: நிலை 1. எல்லாம் சுத்தமாக இருக்கும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றும். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதற்கு மட்டும் பெட்டி இல்லை.

டிக் போடாத பெட்டியும் தொல்லைதான். காலியாக இருந்தால் "இல்லை" என்று அர்த்தமா, "கேட்கவில்லை" என்று அர்த்தமா? எழுதியவருக்கே ஒரு வாரம் கழித்துத் தெரியாது. படிவம் பயன்படுத்துகிற இடங்களில் நான் ஒன்றைக் கறாராகச் சொல்வேன்: ஒரு பெட்டியும் காலியாக இருக்கக்கூடாது, கேட்காததற்கு "பார்க்கவில்லை" என்று எழுதி ஏன் என்று ஒரு வார்த்தை சேருங்கள். "களைத்துவிட்டார்", "மாமியார் அறையில் இருந்தார்", "நேரமில்லை" எதுவானாலும் பரவாயில்லை.

தலைப்பும் வாக்கியமும்

மூன்றாவது வழிக்கு நேரம் பிடிக்கும். முதல் சந்திப்புக்குப் பேட்டி தவிர எழுதவே அரை மணி நேரம் ஒதுக்கவேண்டும், புதிதாக வருபவர்களுக்கு இன்னும் கூடும். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

எழுதுவதற்கு முன்னால் குறிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்து போடுங்கள். நான் பார்த்தது என்றால் "பா". அவர் சொன்னது என்றால் "சொ". வீட்டார் சொன்னது என்றால் "வீ". என் கணிப்பு என்றால் "க". இரண்டு நிமிட வேலை. "வீ" போட்ட வரிகள் நோய் வரலாற்றுக்குப் போகும், எம்.எஸ்.இ.க்கு வராது, ஏனென்றால் எம்.எஸ்.இ. என்பது இந்தப் பேட்டியின்போது நாம் பார்த்ததும் அவரிடம் கேட்டறிந்ததும் மட்டுமே. அதனால் "மூணு வாரமா தூங்கறதில்ல" வரலாற்றுக்குப் போய்விடுகிறது. "க" போட்டவை கடைசியில் வரும் மொத்த மதிப்பீட்டுக்குப் போகும். மீதி இருக்கும் "பா"வும் "சொ"வும்தான் நம் பொருள்.

நம் மாணவரின் குறிப்புக்கு இப்படி எழுத்துப் போட்டால் ஒரு சங்கடம் தெரியவரும். கிட்டத்தட்ட பாதி "க". "சுகாதாரம் குறைவு", "ஒத்துழைப்பு குறைவு", "அறிவு குறைவு", "இன்சைட் இல்லை" எல்லாமே "க". இவற்றை நடுநிலையான சொற்களுக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது, ஏனென்றால் அடியில் இருந்த காட்சி எழுதப்படவே இல்லை. "அழுக்கான புடவை" என்பதை எடுத்து "புடவையில் கறை இருந்தது" என்று நாமாக எழுதினால் அது கற்பனை. கறை இருந்ததா, கசங்கியிருந்ததா, கிழிந்திருந்ததா? பேட்டி எடுத்தவர் அன்றைக்கே உட்கார்ந்து தெளிவாக நினைவிருப்பதைச் சேர்க்கலாம், "பேட்டிக்குப் பின் நினைவிலிருந்து எழுதியது" என்று நேரம் போட்டு. நினைவில்லாததை மறுபடி போய்ப் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

சரி, அந்த மாணவர் அன்று மதியமே மறுபடி போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை கணவரையும் மாமியாரையும் கொஞ்சநேரம் வெளியே உட்காரச் சொல்கிறார். இப்போது ஒவ்வொரு வரியாக வரலாம்.

"சுகாதாரம் குறைவு" என்று எழுத வைத்தது எது? விரல் நுனிகளில் பழுப்புக் கறை, புடவையில் மஞ்சள்பொடி போல ஏதோ. பீடி சுற்றுபவரின் கையில் புகையிலைக் கறை இருக்கும், மடியில் தூள் இருக்கும், அது தொழில். தன்னைக் கவனித்துக்கொள்ளாததன் அடையாளமாக அதை வைக்கக்கூடாது. அதேசமயம் முடி சீவப்படாமல் சிக்குப் பிடித்திருந்ததும், ரவிக்கையின் கொக்கிகள் மாற்றிப் போடப்பட்டிருந்ததும் உண்மை. இரண்டையும் எழுதவேண்டும். நடுநிலை என்றால் நல்லதாக மட்டும் எழுதுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை.

"கண்ணைப் பார்ப்பதில்லை, ஒத்துழைப்பு குறைவு" என்பதில் இரண்டாவது பகுதியைத் தூக்கிவிட்டு என்ன நடந்தது என்று எழுதினால் போதும்: பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி இருந்தார், கணவர் இருந்தவரை ஓரிரு சொல்லில் பதில், அவர் வெளியே போன பிறகு முழு வாக்கியங்கள். பாருங்கள், "ஒத்துழைப்பு குறைவு" என்ற இரண்டு சொல் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்திருக்கிறது. கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், முன்பின் தெரியாத இளைஞர் முன்னால், மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்கு நோய்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று இல்லை.

"100-7 தெரியவில்லை." ஐந்தாவது வரை படித்தவருக்கு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும் கேள்வி கவனத்தையா அளக்கிறது, பள்ளிப்படிப்பையா? 20-லிருந்து ஒன்று ஒன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லலாம், கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லலாம். ஆயிரம் பீடிக்குக் கூலி வாங்கும் வேலை செய்பவரிடம் கூலிக் கணக்கையே கேட்கலாம். என்ன கேட்டோம், என்ன சொன்னார், எத்தனை பிழை, எவ்வளவு நேரம் என்று எழுதினால் "அறிவு குறைவு" தானாக விழுந்துவிடும்.

இப்போது அம்மன். இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "அம்மன் தன்னிடம் பேசுவதாக நம்புகிறார்" என்ற வரியில் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு குரல் கேட்கிறது என்பது புலனுணர்வு. அந்தக் குரல் கெங்கையம்மனுடையது என்பது அவர் கொள்ளும் எண்ணம். முதலாவது புலனுணர்வின்கீழ், இரண்டாவது எண்ணத்தின் உள்ளடக்கத்தின்கீழ். இரண்டு இடத்திலும் முழுக்கதையையும் திருப்பி எழுதாதீர்கள். ஓரிடத்தில் மேற்கோள், மற்ற இடத்தில் ஒரு வரி போதும்.

குரலைப் பற்றிக் கேட்கவேண்டியவை: ஆண் குரலா பெண் குரலா, ஒன்றா பலவா, காதில் கேட்கிறதா மனதுக்குள்ளா, எப்போது, கடைசியாக எப்போது, என்ன சொல்கிறது, அதை மீறமுடிகிறதா. "எப்போது" என்பதில் தூங்கப்போகும்போது மட்டுமா என்று தனியாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் கண் அயரும் நேரத்திலும் விழிக்கும் நேரத்திலும் குரல் கேட்பது நோய் இல்லாதவர்களுக்கும் நடப்பதுதான். நம் பெண் சொன்ன பதில்: "படுக்கறப்ப மட்டும் இல்ல, பகல்ல பீடி சுத்தும்போதும் கேக்குது. காதுலதான் கேக்குது, மனசுக்குள்ள இல்ல." என்ன சொல்கிறது? "நீ வந்துடு, உன் புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்னு சொல்றாங்க அம்மா."

அந்த ஒரு வாக்கியம் கோப்பில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே நான் இந்த மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன். முதல் வழியில் "நம்புகிறார்" என்று போய்விட்டது. இரண்டாவது வழியில் ஒரு டிக். மூன்றாவது வழியில் எழுத உட்கார்ந்ததால்தான் "என்ன சொல்கிறது" என்று கேட்கவேண்டி வந்தது.

அடுத்து, இது அந்த ஊரின் வழக்கத்துக்குள் அடங்குமா என்ற கேள்வி. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா. இந்தப் பக்கத் திருவிழாக்களில் சாமி வருவதும் அருள்வாக்குச் சொல்வதும் யாருக்கும் புதிதில்லை, அதை நோயாக எழுதுவது தவறு. அதற்காக அம்மன் பெயர் வந்தாலே "கலாசாரம்" என்று ஒதுக்கிவிடுவதும் தவறு, ஆபத்தானதும்கூட. தீர்மானிக்கவேண்டியது நாம் இல்லை, அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கவேண்டும். மாமியார் சொல்கிறார்: "எங்க வீட்லயும் சாமி வரும் தம்பி, திருவிழா அப்ப வரும், மலையேறிடும். இது அப்படி இல்ல, எனக்கே பயமா இக்குது." இது "வீ", வரலாற்றுக்குப் போகவேண்டியது. ஆனால் எண்ணத்தின் உள்ளடக்கத்தில் "பார்க்க: மாமியாரின் தகவல்" என்று ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

"தற்கொலை எண்ணத்தை மறுக்கிறார்." இந்த "மறுக்கிறார்" எனக்குப் பிடிக்காது. குற்றம் சாட்டப்பட்டவர்தான் மறுப்பார். "இல்லை என்றார்" என்று எழுதினால் போதும். ஆனால் அதைவிட முக்கியம், என்ன கேட்டு இல்லை என்றார்? கணவர் பக்கத்தில் இருக்கும்போது "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் முறை தனியாக, நேரடியாக, "செத்துடலாம்னு தோணியிருக்கா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையசைத்தார். எப்படி என்று யோசித்தீர்களா என்றதற்கு, கொல்லையில் நிலக்கடலைக்கு அடிக்க வாங்கி வைத்த பூச்சிமருந்து இருக்கிறது என்றார். இன்னும் எடுக்கவில்லை, புள்ளைங்க முகம் தடுக்கிறது என்றார். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படவேண்டாம், அப்படி நடப்பதில்லை.

இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போகவேண்டும். பணியில் இருக்கும் மருத்துவரிடம் உடனே நேரில் சொல்லவேண்டும், அதுவரை அவர் தனியாக இருக்கக்கூடாது, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்த வீட்டாரிடம் பேசவேண்டும். எம்.எஸ்.இ. அதற்குப் பிறகு. எழுதும்போதும் இங்கே சொற்களை மென்மையாக்காதீர்கள். "வாழ்வின் மீது விருப்பமின்மை தென்படுவதாகக் கூறப்படுகிறது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. யார் சொன்னார், எந்த வார்த்தையில், என்ன வழி, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, எது தடுக்கிறது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னேன். தீர்ப்பு இல்லாமல் எழுதுவதும் மழுப்பி எழுதுவதும் ஒன்றில்லை.

கடைசியாக "இன்சைட் இல்லை". ஒன்றிலிருந்து ஆறுவரை நிலை போடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது, தேர்வில் கேட்கிறார்கள், போடுங்கள். அதோடு மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை எழுதுங்கள். தனக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று நினைக்கிறாரா, தனக்கு நேரும் அனுபவங்களை நோயின் பகுதியாகப் பார்க்கிறாரா, சிகிச்சையை ஏற்கிறாரா. ஆந்தனி டேவிட் என்ற மனநல மருத்துவர் 1990-ல் இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நம் பெண்ணுக்குத் தூக்கமில்லாதது உடம்புக் கோளாறு என்று தெரிகிறது, குரல் அம்மனுடையது என்கிறார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தால் சாப்பிடுகிறேன் என்கிறார். "நிலை 1" என்றால் இது எல்லாம் காணாமல் போகும், சிகிச்சை தொடங்குவதற்கான வழியும் அதோடு போகும்.

எழுதி முடித்தது

எல்லாம் சேர்ந்தால் சுமாராக இப்படி வரும்:

*தோற்றமும் நடத்தையும்:* வயதுக்கேற்ற தோற்றம். முடி சீவப்படவில்லை, சிக்கு இருந்தது. ரவிக்கைக் கொக்கிகள் மாற்றிப் போடப்பட்டிருந்தன. விரல்களில் பழுப்புக் கறை, தொழில் பீடி சுற்றுதல். பெரும்பாலும் தரையைப் பார்த்திருந்தார். பேச்சின் நடுவே இரண்டு முறை இடப்பக்கம் தலையைத் திருப்பிச் சிறிதுநேரம் பேசாமல் இருந்தார், கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றார். கணவர் இருந்தபோது ஓரிரு சொல்லில் பதில், தனியாக இருந்தபோது முழு வாக்கியங்கள்.

*பேச்சு:* தமிழில் பேட்டி. தாழ்ந்த குரல், வேகம் குறைவு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பல நொடி இடைவெளி. பதில்கள் கேள்விக்குப் பொருத்தமானவை.

*மனநிலை:* "மனசே இல்ல, எதுலயும்." *உணர்ச்சி வெளிப்பாடு:* பேட்டி முழுதும் சோர்ந்த முகம், குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண் கலங்கியது. பேசும் விஷயத்துக்குப் பொருந்தியிருந்தது.

*எண்ணம்:* கோவையாக இருந்தது. "இன்னாத்துக்கு இருக்கணும்னு தோணுது." இறந்துவிடும் எண்ணம் உண்டு என்றார், வீட்டிலுள்ள பூச்சிமருந்தைக் குறிப்பிட்டார், இதுவரை எடுக்கவில்லை, குழந்தைகளை நினைத்து நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார். பணி மருத்துவரிடம் நேரில் தெரிவிக்கப்பட்டது, மணி குறிக்கப்பட்டது. கேட்கும் குரல் கெங்கையம்மனுடையது என்கிறார், வேறு காரணம் இருக்கலாமா என்றதற்கு "வேற யாரு பேசுவாங்க" என்றார். பார்க்க: மாமியாரின் தகவல்.

*புலனுணர்வு:* ஒரு பெண் குரல், காதில் கேட்பதாக, விழித்திருக்கும்போதும், கடைசியாக இன்று காலை. "நீ வந்துடு, உன் புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்." மீறமுடிகிறதா என்றதற்கு "இதுவரைக்கும் முடிஞ்சுது" என்றார். மற்ற புலன்களில் இப்படி அனுபவம் இல்லை என்றார்.

*அறிவாற்றல்:* விழிப்புடன் இருந்தார். கிழமை, இடம், உடன் வந்தவர் சரி, தேதி தெரியவில்லை. 20-லிருந்து பின்னோக்கி மெதுவாக, பிழையின்றி. மூன்று சொற்களில் ஐந்து நிமிடம் கழித்து இரண்டு நினைவிருந்தன. பழமொழிப் பொருள்: பார்க்கவில்லை, களைத்துவிட்டார்.

*தீர்மானிக்கும் திறன்:* பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு "கத்தி ஆளுங்கள கூப்புடுவேன், தண்ணி ஊத்துவேன்."

*இன்சைட்:* மேலே சொன்ன மூன்று விடைகள்.

இதில் நோயின் பெயர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். படித்துவிட்டு ஒரு மருத்துவர் தானாக ஒரு முடிவுக்கு வரலாம், வேறொருவர் வேறு முடிவுக்கும் வரலாம், இரண்டு பேருக்கும் வாதிடப் பொருள் இருக்கிறது. எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் செய்யச் சொல்வேன்: நோயாளியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியும் பார்த்ததா, சொன்னதா, கணிப்பா என்று அவரையே எழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் திணறும் வரிகளைத் திருத்துங்கள். இன்னொரு பார்வையும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் யாராவது இதைப் படித்துக்காட்டினால், "ஆமாம், அன்னைக்கு அப்படித்தான் இருந்தேன்" என்று அவர் சொல்லும்படி இருக்கவேண்டும். "அறிவு குறைவு" என்பதை அவர் முன்னால் படிக்கமுடியுமா?

அப்போ எதை எடுப்பது

முதல் சந்திப்பு, உள்நோயாளிச் சேர்க்கை, வேறொருவரிடம் ஒப்படைக்கும் நேரம், நீதிமன்றமோ சான்றிதழோ சம்பந்தப்பட்டது என்றால் மூன்றாவது வழி. எழுதி முடித்ததும் படிவத்தை எடுத்துத் தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து விடுபட்டதைச் சேருங்கள். கிறுக்கல் குறிப்பை உங்கள் இடத்தின் விதிப்படி வையுங்கள், பையில் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

வெளிநோயாளிப் பிரிவில் வெளியே வராண்டா முழுக்க ஆட்கள், ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் என்றால் முழு எம்.எஸ்.இ. நடக்காது, நடந்ததுபோல எழுதவும் கூடாது. நடத்தை, மனநிலை, தற்கொலை எண்ணம், குரல் உண்டென்றால் அதன் உள்ளடக்கம், நாள் இடம் தெரிகிறதா, இவ்வளவையும் வாக்கியமாக எழுதுங்கள். மீதிக்குப் படிவம், பார்க்காததற்கு "பார்க்கவில்லை".

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசுபவர்கள் வருவார்கள், ஆந்திர எல்லையிலிருந்து தெலுங்கு பேசுபவர்கள் வருவார்கள். நமக்கு அந்த மொழி வராமல் வீட்டாரே மொழிபெயர்த்தால், எண்ண ஓட்டம் கோவையாக இருக்கிறதா என்பதைப் பற்றி நாம் எழுத ஒன்றுமே இல்லை. யார் மொழிபெயர்த்தார் என்று எழுதி, அந்தத் தலைப்பை "மதிப்பிட இயலவில்லை" என்று விடுங்கள். வீட்டார் மொழிபெயர்க்கும்போது தற்கொலை பற்றிய கேள்விக்கு வந்த "இல்லை"யையும் நம்பி எழுதாதீர்கள், அந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவரை வைத்து மறுபடி கேளுங்கள்.

தொடர் சந்திப்புகளுக்குப் படிவம் போதும், ஒரு நிபந்தனையோடு: முதல் எம்.எஸ்.இ.யில் எந்த வாக்கியங்கள் கவலை தந்தனவோ அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் வாக்கியமாகவே பதில் எழுதவேண்டும். நம் பெண் இரண்டு வாரம் கழித்து வந்தால் "செவிப் பிரமை: குறைவு" என்று டிக் அடிப்பதால் பயனில்லை. "குரல் இப்போது மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, 'வந்துடு' என்று சொல்வது நின்றுவிட்டது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு சரி, இறந்துவிடும் எண்ணம் கடந்த வாரம் ஒருமுறை வந்தது என்றார், பூச்சிமருந்து வீட்டில் இல்லை என்று கணவரிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்யப்பட்டது." இவ்வளவு எழுத மூன்று நிமிடம் ஆகும்.